அம்மாவுக்கு நீண்ட விமானப் பயணம்: வீல்சேருக்கும் சாப்பாட்டுக்கும் எந்தக் குறியீடு போடச் சொல்வது?

காவிரிக்கரை (டாலஸ்)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது, திருவையாற்றில் இருக்கிறார். ஜனவரியில் என்னிடம் வருகிறார், தனியாக. சென்னையிலிருந்து வளைகுடாவில் ஒரு ஊரில் மாறி டாலஸ். முதல் விமானம் நாலரை மணி நேரம், இரண்டாவது ஏறக்குறைய 16 மணி நேரம். இன்னும் டிக்கெட் போடவில்லை, இந்த வாரத்துக்குள் போட வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. வீட்டுக்குள் நடப்பார், கோயில் பிராகாரம் மெதுவாக ஒரு சுற்று வருவார். படி என்றால் மட்டும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொன்றாக இறங்குவார். சர்க்கரைக்குக் காலையும் இரவும் இன்சுலின். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தமிழ் மட்டும்தான் பேசுவார்.

இரண்டு வருடம் முன்பு வந்தபோதும் வீல்சேர் கேட்டிருந்தேன். கேட் வரைக்கும் அழகாகத் தள்ளிக்கொண்டு போனார்களாம். அதற்கு அப்புறம் பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே விமானத்தின் படிக்கட்டு. மழை வேறு. இருபது படிக்கு மேல் ஏறியிருக்கிறார். பின்னால் வந்த பையன் ஒருவன் முதுகைத் தாங்கிப் பிடித்தானாம். இதை நான் பதினைந்து நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

சாப்பாட்டுக்கு டயாபெடிக் மீல் என்று போட்டிருந்தேன். தட்டைத் திறந்தால் கோழி. அம்மா அதற்குள் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். ரொட்டித் துண்டும் நாலு திராட்சையும் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்ட, பக்கத்து சீட்டுக்காரர் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

இந்த முறை இந்த இரண்டும் நடக்கவே கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

எடிசன்வாசி

என் மாமனார் மாமியாரை நாலு முறை வரவழைத்திருக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை. டிக்கெட் போடும் தளத்திலேயே ஸ்பெஷல் அசிஸ்டன்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்தால் போதும். வீல்சேரில் மூன்று வகை வரும். இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். WCHC என்று போட்டால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். கேட்பதுதான் கேட்கிறோம், குறைத்துக் கேட்பானேன்?

சாப்பாட்டுக்கு மறுபடி DBML-ஏ போடுங்கள். சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தில் அது சைவமாகத்தான் வரும். உங்களுக்குப் போன முறை ஏதோ மாறிப்போயிருக்கும்.

---

டிக்கெட் மேசை (சென்னை)

தம்பி, நான் 26 வருடம் டிக்கெட் போடும் வேலையில் இருந்தவன், அதில் ஏழு வருடம் விமான நிலையக் கவுண்டரில். போன முறை அம்மா படி ஏற வேண்டி வந்ததற்குக் காரணம் அன்றைக்கு வேலையில் இருந்தவர்களின் அலட்சியம் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ டிக்கெட்டில் இருந்த ஓர் எழுத்துதான் காரணம் என்று படுகிறது.

வீல்சேர் என்று பொதுவாகக் கேட்டால் 10-க்கு 9 முறை WCHR என்றுதான் விழும். கடைசி எழுத்து R. விமான நிலையத்தின் தூரத்தை நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், உள்ளே சீட்டுக்கும் நடந்து போவார் என்று அதற்குப் பொருள். எனவே விமானம் ஏரோபிரிட்ஜில் நிற்காமல் தூரத்தில் நின்றால், R போட்டவரைப் பஸ்ஸில் ஏற்றி, படிக்கட்டு அடியில் விடுவது அவர்கள் கணக்கில் சரிதான். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது WCHS. படி ஏற முடியாது, உள்ளே சீட்டு வரை மெதுவாக நடப்பார். S இருந்தால்தான் தூரத்தில் நிற்கும் விமானத்துக்கு ஆம்புலிஃப்ட் வண்டி அனுப்ப வேண்டும் என்பது முதல்நாளே பட்டியலில் ஏறும். லாரி மேல் ஒரு அறை இருக்கும், அது அப்படியே தூக்கி விமானக் கதவோடு சேர்ந்து நிற்கும்.

எடிசன்வாசி சொன்ன C வேண்டாம். நடக்கவே முடியாதவர், சீட்டுக்குத் தூக்கி வைக்க வேண்டியவர் என்று அதற்குப் பொருள். C போட்டுத் தனியாகப் பயணம் என்றால் கூட ஆள் வருகிறாரா, சாப்பிட, கழிவறை போக தானே முடியுமா என்று நிறைய விமானக் கம்பெனிகள் கேட்கும். சில இடத்தில் டாக்டர் படிவம் கேட்பார்கள். அப்புறம் அம்மா கவுண்டரில் எழுந்து நாலடி நடந்ததைப் பார்த்தால் அங்கேயே R என்று மாற்றிவிடுவார்கள். அதிகமாகக் கேட்கப்போய்க் கடைசியில் S-உம் கிடைக்காமல் போகும்.

இன்னொன்று. கவுண்டரில் அம்மாவிடம் நேராகவே கேட்பார்கள், "படி ஏறுவீங்களா பாட்டி?" என்று. நம் அம்மாக்கள் என்ன சொல்வார்கள்? "மெதுவா ஏறிடுவேன்ப்பா." அந்த ஒரு வார்த்தையில் S போய் R ஆகிவிடும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன். "படி ஏற முடியாது, உள்ளே சீட்டு வரைக்கும் நடப்பேன்" என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

---

மிசிசாகா மல்லி

நாங்கள் அப்பாவை அழைத்து வந்தபோது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருடைய சொந்த வீல்சேர், பேட்டரியில் ஓடுவது. பேட்டரி லித்தியமா, எத்தனை வாட்-அவர், கழற்ற முடியுமா என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். கடைசியில் கவுண்டரில் நின்று பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைக்கச் சொன்னார்கள், ஸ்க்ரூடிரைவர் கிடையாது. காவிரிக்கரை, உங்கள் அம்மாவின் வீல்சேரில் என்ன பேட்டரி என்று முதலிலேயே கம்பெனிக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை (டாலஸ்)

மல்லி அக்கா, அம்மாவிடம் சொந்த வீல்சேர் இல்லை, விமான நிலையத்தில் தருவதுதான். ஆனால் உங்கள் குறிப்பு வேறு யாருக்காவது கட்டாயம் உதவும்.

டிக்கெட் மேசை ஐயா, பழைய டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். WCHR என்றுதான் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த ஊழியர்கள் மேல் கோபத்தில் இருந்தேன்.

இரண்டு கேள்வி. ஏஜென்ட் மூலம் போடுவதா, கம்பெனித் தளத்தில் நேராகப் போடுவதா? மாறும் இடத்தில் 1 மணி 25 நிமிடம் உள்ள டிக்கெட் ஒன்று, 4 மணி 10 நிமிடம் உள்ளது ஒன்று இருக்கின்றன. அம்மா அவ்வளவு நேரம் உட்கார வேண்டாமே என்று முதலாவதைப் பார்க்கிறேன்.

---

டிக்கெட் மேசை (சென்னை)

நாலு மணி நேரத்தையே எடுங்கள். வீல்சேர் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள். 300 பேர் இறங்க அரை மணி நேரம், ஆம்புலிஃப்ட் வர இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் பாதுகாப்புச் சோதனை. அமெரிக்கா போகும் விமானத்துக்குக் கேட்டில் இன்னொரு சோதனையும் இருக்கலாம். 1 மணி 25 நிமிடம் என்பது நன்றாக நடக்கிறவருக்கே பரபரப்புதான்.

ஏஜென்டா நேரடியா என்பதை விட, கோரிக்கை எந்த வடிவில் பதிவாகிறது என்பதுதான் முக்கியம். எங்கள் திரையில் RM என்று ஒரு வரி எழுதலாம். அது ஏஜென்ட் தனக்காக எழுதி வைக்கும் குறிப்பு, விமானக் கம்பெனி கண்ணுக்கே படாது. OSI என்று இன்னொன்று. அது கம்பெனிக்குப் போகும், ஆனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. SSR என்று போட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஏஜென்ட் RM-இல் "பாட்டிக்கு வீல்சேர் வேண்டும்" என்று எழுதிவிட்டு, போட்டாச்சு சார் என்று போனை வைத்துவிடுவார். உங்களை ஏமாற்றவில்லை, அவர் திரையில் அது இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே ஏஜென்டிடம் அந்தத் திரையின் படத்தை வாங்குங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும் (கம்பெனிக் குறியீட்டுக்கு XX, YY என்று போட்டிருக்கிறேன்):

```
SSR WCHS YY HK1/S2/P1
SSR WCHS XX HK1/S3/P1
SSR AVML YY HK1/S2/P1
SSR AVML XX HK1/S3/P1
```

AVML என்பது இந்திய சைவச் சாப்பாடு. S2, S3 என்பவை அவருடைய திரையில் உங்கள் இரண்டு விமானங்களின் வரி எண்கள், P1 பயணி. பார்க்க வேண்டியது HK. ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். HN என்றிருந்தால் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. UC அல்லது NO என்றால் மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி வரி வேண்டும். முதல் விமானத்துக்கு இருந்து இரண்டாவதுக்கு இல்லாமல் போன கதைகள் என்னிடம் ஏராளம்.

உங்கள் முதல் விமானத்தை வேறு கம்பெனி ஓட்டுகிறதா என்று பாருங்கள். டிக்கெட்டில் ஒரு கம்பெனி எண் இருக்கும், கீழே சின்ன எழுத்தில் "இயக்குவது" என்று இன்னொரு பெயர் இருக்கும். அப்படியானால் அந்தக் கம்பெனிக்குத் தனி ஆறு எழுத்து பிஎன்ஆர் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்தில் போய் நேரடியாகப் பாருங்கள். தள்ளப்போவது அவர்கள் ஆட்கள்தான்.

---

லெஸ்டர் செவிலி

நான் இங்கே மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நடுவானில் நடந்ததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் DBML. எடிசன்வாசி, அது சைவம் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த சாப்பாடு என்பதுதான் அதன் வரையறை. கோழி, மீன் வைப்பார்கள். ஒரு பயணிக்கு ஒரு விமானத்தில் ஒரே சாப்பாட்டுக் குறியீடுதான் போட முடியும். சைவமும் வேண்டும், சர்க்கரை நோய்க்கும் பொருந்த வேண்டும் என்றால் எதை விட்டுக்கொடுப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் AVML-ஐத்தான் சொல்வேன். இந்திய சைவம். சோறு, பருப்பு, காய், ரொட்டி இருக்கும். இனிப்புக் கிண்ணத்தை ஒதுக்கிவிடலாம். இன்சுலின் போடுபவர் தட்டில் மாவுச்சத்து இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத தட்டுதான் அவருக்கு ஆபத்து, போன முறை நடந்தது அதுதானே.

இரண்டாவது, ஊசி. வீட்டில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுப் பழகியிருப்பார். விமானத்தில் அந்தக் கணக்கு செல்லாது. வண்டி நாலு வரிசை தள்ளி வரும்போது குலுங்க ஆரம்பித்தால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், அரை மணி நேரம் ஆகலாம். தட்டு முன்னால் வந்து, திறந்து, இதை நான் சாப்பிடுவேன் என்று பார்த்த பிறகுதான் ஊசி. 16 மணி நேர விமானத்தில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு சாப்பாடு, இறங்க இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று. நடுவில் பெரிய இடைவெளி. அதில் வரும் தின்பண்டம் சிறப்புச் சாப்பாடாக இல்லாமலும் போகலாம்.

மேற்கே போகும்போது நாள் நீளும். ஜனவரியில் இந்தியாவுக்கும் டாலஸுக்கும் 11 மணி 30 நிமிட வித்தியாசம். காலை ஊசி, இரவு ஊசி என்ற கணக்கே குழம்பும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஊர் டாக்டரிடம் இந்திய நேரப்படி ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்குங்கள், அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை மாற்ற வேண்டாம். அளவை நான் இங்கே சொல்லக் கூடாது.

இன்சுலின் கைப்பையில்தான். கீழே பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப்போக வாய்ப்புண்டு. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் கூடவே இருக்கட்டும்.

---

எடிசன்வாசி

C பற்றி டிக்கெட் மேசை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பொருள் எனக்குத் தெரியாது. சாப்பாட்டில் மட்டும் என் அனுபவம் வேறு. மாமனாருக்கு DBML போட்டு, போனில் கூப்பிட்டுச் சைவம் என்று சேர்க்கச் சொன்னேன், சைவமாகத்தான் வந்தது. இரண்டு முறையும்.

---

டிக்கெட் மேசை (சென்னை)

வந்திருக்கும், மறுக்கவில்லை. சில கம்பெனிகள் அப்படிச் சேர்த்துத் தருகின்றன. SPML என்று போட்டு வேண்டியதை எழுதும் வழியும் இருக்கிறது. ஆனால் எழுத்தில் சேர்த்த குறிப்பைச் சமையலறை பார்ப்பது அந்தந்த ஊர்ச் சமையலறையைப் பொறுத்தது. சென்னையில் ஏற்றும் சாப்பாட்டில் எனக்கு நம்பிக்கை உண்டு. தம்பி அம்மாவின் 16 மணி நேர விமானத்துக்குச் சாப்பாடு ஏறுவது வளைகுடாவில். அங்கே குறியீட்டைப் பார்த்துத்தான் தட்டு எடுப்பார்கள்.

---

மேலூர்க்காரன்

இந்த இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்குப் பிறவியிலேயே இரண்டு காலும் வராது. போன வருடம் நள்ளிரவில் விமானம் விட்டு இறங்கி 50 நிமிடம் கதவருகே காத்திருந்தோம். அந்த விமானத்தில் 40 வீல்சேருக்கு மேல் கேட்டிருந்தார்கள் என்று ஊழியர் சொன்னார். எங்கள் கண்முன்னே வீல்சேரில் வந்தவர்கள் பாதிப் பேர் பெட்டி எடுக்கும் இடத்தில் எழுந்து நின்று டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். "இங்கிலீஷ் தெரியாதா, வீல்சேர் போட்டுடு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். காவிரிக்கரை அம்மாவுக்கு உண்மையாகவே முழங்கால் பிரச்சினை, அவரைச் சொல்லவில்லை. ஆனால் நடக்க முடிந்த பெற்றோருக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்றால் MAAS என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்கலாமே.

---

மிசிசாகா மல்லி

தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் MAAS கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என் சித்திக்குக் கேட்டேன். ஒரு கம்பெனி இல்லை என்றது, இன்னொன்று பணம் கேட்டது. ஆள் வந்தாலும் அரை கிலோமீட்டர் அவர் வேகத்துக்கு நடக்க வேண்டும். 70 வயதில் வீட்டுக்குள் நடப்பவருக்கும் விமான நிலையம் முழுக்க நடக்க முடிகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. பெட்டி எடுக்கும் இடத்தில் எழுந்து நின்றார் என்பதற்காக அவருக்கு வீல்சேர் தேவையே இல்லை என்று ஆகாது.

---

மேலூர்க்காரன்

எல்லாரையும் சொல்லவில்லை அக்கா. ஆனால் என் தங்கை காத்திருந்த அந்த 50 நிமிடத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

---

டிக்கெட் மேசை (சென்னை)

இதற்கு என்னிடம் நேர்ப் பதில் இல்லை. C போட்டவர்களை முதலில் கவனிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆள் குறைவான இரவுகளில் வரிசையில் யார் முதலில் வந்தார்கள் என்றுதான் போகும்.

சட்டம் எங்கே வலுவாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்க விமான நிலையத்தில் வீல்சேர் கொடுப்பது விமானக் கம்பெனியின் கடமை, இலவசம். அங்கே போகிற, அங்கிருந்து கிளம்புகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கும் அந்த விதி உண்டு. தானே நகர முடியாதவரை வீல்சேரில் உட்கார வைத்து 30 நிமிடத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விடக் கூடாது. பிரச்சினை என்றால் CRO-வைக் கூப்பிடுங்கள் என்று சொன்னால் போதும், இதற்கென்றே ஒரு பொறுப்பாளர் ஒவ்வொரு கம்பெனியிலும் இருந்தாக வேண்டும். ஐரோப்பா வழியாகப் போனால் அங்கே பொறுப்பு விமான நிலையத்துக்கு. 48 மணி நேரம் முன்பு சொல்லியிருக்க வேண்டும்.

---

காவிரிக்கரை (டாலஸ்)

டிக்கெட் போட்டாயிற்று, 4 மணி 10 நிமிடம் உள்ளதுதான். நடந்ததை எழுதுகிறேன்.

ஏஜென்ட் வீல்சேர், சாப்பாடு இரண்டும் போட்டாயிற்று என்றார். திரையின் படம் கேட்டேன். இரண்டாவது விமானத்துக்கு WCHR HK, AVML HK. முதல் விமானத்துக்கு SSR வரியே இல்லை, RM-இல் ஒரு குறிப்பு மட்டும். ஐயா சொன்னது அப்படியே. முதல் விமானத்தை ஓட்டுவது வேறு கம்பெனி. அவர்களுடைய பிஎன்ஆர் வாங்கித் தளத்தில் பார்த்தேன், வீல்சேர் என்ற பேச்சே இல்லை. ஏஜென்டிடம் இரண்டுக்கும் WCHS என்று SSR போடச் சொன்னேன். ஒன்று அன்றே HK ஆனது. மற்றது மூன்று நாள் HN-இலேயே நின்றது. அந்தக் கம்பெனிக்கு நானே போன் செய்து சொன்ன பிறகுதான் மாறியது. முதல் விமானத்தில் AVML-க்கு UC வந்துவிட்டது. சரி, நாலரை மணி நேரம்தானே, கட்டுச்சோறு போதும்.

சீட்டு நடைபாதை ஓரம், கழிவறைக்கு மூன்று வரிசை முன்னால். முன்சுவரை ஒட்டிய சீட்டு கிடைத்தது, வேண்டாம் என்றேன். அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் மருந்துப் பையை மேலே வைக்கச் சொல்வார்கள்.

---

லெஸ்டர் செவிலி

கட்டுச்சோற்றில் ஒரு எச்சரிக்கை. தயிரும் சட்னியும் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகத்தான் கணக்கு. எண்ணெய் தடவிப் பொடி தூவிய இட்லி, சப்பாத்தி, வறுத்த கடலை போதும். மீதியை டாலஸில் இறங்குமுன் விமானத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பழம், கறிவேப்பிலை கையில் இருந்து, சுங்கத்தில் சொல்லாமல் விட்டால் தொல்லை. தட்டில் கொடுத்த வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அம்மாவுக்கு இருக்கும், எல்லா அம்மாவுக்கும் இருக்கும்.

---

டிக்கெட் மேசை (சென்னை)

விமான நேரம் மாறியதாகக் கடிதம் வந்தால் எல்லா SSR-ஐயும் மறுபடி பாருங்கள் தம்பி. புது விமானத்துக்கு மாற்றும்போது உதிர்ந்துபோவது சகஜம். மாறாவிட்டாலும் மூன்று நாள் முன்பு ஒரு தடவை பாருங்கள். சாப்பாட்டை மாற்ற வழக்கமாக 24 மணி நேரம்தான் எல்லை.

அம்மாவிடம் இரண்டு சொல்ல வேண்டும். விமானம் நின்றதும் எல்லாரோடும் எழுந்து போகக் கூடாது. கூட்டத்தோடு நடந்து வெளியே போய்விடுவார்கள். வீல்சேர்க்காரர் கதவருகே பெயர் எழுதிய தாளோடு நின்றுகொண்டிருப்பார், இருவரும் ஒருவரை ஒருவர் தேடுவார்கள். இரண்டாவது, சீட்டு மாற்றிக் கொடுக்கக் கூடாது. சிறப்புச் சாப்பாட்டில் சீட்டு எண்தான் ஒட்டியிருக்கும்.

---

காவிரிக்கரை (டாலஸ்)

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். அம்மா வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது.

சென்னையில் ஏரோபிரிட்ஜ்தான், படிக்கே வேலையில்லை. கவுண்டரில் அந்தப் பெண் கேட்டாளாம், "படி ஏறுவீங்களாம்மா?" அம்மா வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, பழகியதைச் சொல்லியிருக்கிறார். வளைகுடாவில் விமானம் தூரத்தில் நின்றது. எல்லாரும் படியில் இறங்கிப் போக, அம்மாவும் இன்னும் ஆறு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். 25 நிமிடம். ஆம்புலிஃப்ட் மெதுவாகக் கீழே இறங்கியதைத்தான் இங்கே வந்து பேத்தியிடம் முதலில் சொன்னார், தேர் அசைந்த மாதிரி இருந்ததாம்.

அங்கே உதவி தேவைப்படுகிறவர்களுக்கான பகுதியில் உட்கார வைத்துவிட்டு ஆள் போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் யாரும் வரவில்லை. கழிவறைக்குப் போகக் கேட்கத் தெரியாமல் அம்மா பேசாமல் இருந்திருக்கிறார். அப்புறம் ஒரு மலையாளப் பெண் வந்து கூட்டிப்போனாள். இதற்கு நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை, என் தவறுதான். கழுத்துப் பையில் என் நம்பரும் இன்சுலின் பற்றியும் எழுதி வைத்தேன். "கழிவறைக்குப் போக வேண்டும்" என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒரு அட்டை போட்டிருக்கலாம்.

பெரிய விமானத்தில் ஏறியதும் ஓர் இளம் தம்பதி சேர்ந்து உட்கார சீட்டு மாற்றித் தருவீர்களா என்று கேட்க, அம்மா மனசு கேட்காமல் எழுந்துவிட்டார். சாப்பாடு பழைய சீட்டுக்குப் போனது. ஆனால் தட்டைப் பார்க்காமல் ஊசி போடவில்லை. 40 நிமிடம் கழித்துத் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல் மாதிரி ஒன்று. அதைப் பார்த்து, ஊசி போட்டு, சாப்பிட்டிருக்கிறார். நடு இரவில் வந்தது முட்டை வைத்த ரொட்டி. அதை ஒதுக்கிவிட்டு இட்லி. ஒரு தடவைகூட நடுக்கம் இல்லை.

டாலஸில் தள்ளி வந்தவர் குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பையில் வாழைப்பழம் இல்லை. அவருக்கு 10 டாலர் கொடுத்தேன். அது சரியா, குறைவா?

---

எடிசன்வாசி

நான் 20 கொடுப்பேன். பெட்டியும் எடுத்துக் கொடுத்தார் அல்லவா.

---

மேலூர்க்காரன்

இலவசச் சேவைக்கு எதற்குப் பணம்? கொடுக்காதவரைக் காக்க வைக்கும் பழக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

---

மிசிசாகா மல்லி

இங்கே அவர்கள் சம்பளம் என்ன என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் தம்பி.

---

டிக்கெட் மேசை (சென்னை)

அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்ததில் நிம்மதி. திரும்பும் டிக்கெட்டை எடுத்து வைத்துப் பாருங்கள் தம்பி. வரும்போது போட்ட SSR போகும்போதுக்குத் தானாக வராது. அந்த இரண்டு விமானத்துக்கும் தனித்தனி வரி வேண்டும்.

---

காவிரிக்கரை (டாலஸ்)

இப்போதுதான் பார்த்தேன் ஐயா. டாலஸிலிருந்து கிளம்புவதற்கு WCHS HK இருக்கிறது. கடைசி விமானத்துக்கு ஒன்றுமே இல்லை. நாளைக் காலையிலேயே போன் செய்கிறேன்.